ஒரே படம், பல பெயர்கள்: பொய்க் கணக்கைக் காட்டிக்கொடுக்கும் 64 பிட்டுகள்

கோலா தெர்லாவில் ஓர் இளைஞர் தேயிலைச் சரிவைப் பின்னணியாக வைத்துத் தன்னைப் படம் எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தமது சமூக ஊடகப் பக்கத்தில் எல்லாரும் பார்க்கும்படி போடுகிறார். ஒரு மாதம் கழித்து அதே படம் ஒரு துணை தேடும் தளத்தில் ‘பினாங்கு பொறியாளர், வயது 34’ என்ற கணக்கில் இருக்கிறது. இன்னொரு கணக்கில் அதே முகம் ‘கனடாவில் மருத்துவர், வயது 41’ ஆகிவிடுகிறது. படத்துக்கு உரியவருக்கு இவற்றில் எதுவும் தெரியாது.

‘லவ் ஸ்கேம்’ என்று நம் நாட்டுச் செய்திகளில் அடிக்கடி வரும் மோசடி பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. நல்ல முகம் ஒன்று, அன்பான பேச்சு, சில வாரங்களில் நம்பிக்கை. பிறகு ‘சுங்கத்துறையில் பொட்டலம் மாட்டிக்கொண்டது’, ‘மருத்துவமனைச் செலவு’ என்று பணம் கேட்கப்படும். இத்தகைய தளங்கள் பெரியவர்களுக்கானவை. ஆனால் ஏமாறுபவர் உங்கள் வீட்டுப் பெரியவராக இருக்கலாம். திருடப்படும் படம் உங்கள் அண்ணனுடையதாக இருக்கலாம்.

மோசடிக்காரர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. பெயர், வயது, தொழில், ஊர் எல்லாவற்றையும் நொடியில் மாற்றி எழுதலாம். நம்பும்படியான முகம் மட்டும் அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. அதனால் நன்றாக வேலை செய்த படத்தையே மறுபடி மறுபடி பயன்படுத்துகிறார்கள். தளத்தை நடத்துவோர் பிடிப்பதும் அந்த இடத்தில்தான். இந்தப் படம் ஏற்கெனவே வேறு கணக்கில் வந்திருக்கிறதா என்று கேட்டால் போதும். கேள்வி எளிது. கணினிக்கு அதைக் கேட்கத் தெரிய வேண்டும் என்பதுதான் சிக்கல்.

கோப்பை ஒப்பிட்டால் ஏன் போதாது?

கணினிக்குப் படம் என்பது எண்களின் நீண்ட வரிசை. இரண்டு கோப்புகள் ஒன்றா என்று பார்க்கக் கணினித் துறையில் பழைய வழி ஒன்று உண்டு. அதன் பெயர் ஹேஷிங். எவ்வளவு பெரிய கோப்பைக் கொடுத்தாலும் அதிலிருந்து குறிப்பிட்ட நீளமுள்ள ஓர் எண்ணைக் கணக்கிட்டுத் தரும். அந்த எண்ணைக் கோப்பின் கைரேகை எனலாம். எஸ்.எச்.ஏ-256 என்ற முறை 256 பிட் நீளமுள்ள கைரேகையைத் தருகிறது. பிட் என்பது 0 அல்லது 1.

இந்த முறையின் சிறப்பே இங்கு அதன் குறையாகிறது. கோப்பில் ஒரே ஒரு பிட்டை மாற்றினாலும் கைரேகையில் ஏறத்தாழ பாதி பிட்டுகள் மாறிவிடும். கடவுச்சொல் பாதுகாப்புக்கு அது நல்லது. படத்துக்கு ஒத்துவராது. ஒரு படத்தைப் புலனத்தில் அனுப்பினால் அது சுருக்கப்படுகிறது. திரைப்பிடிப்பு எடுத்தால் அளவு மாறுகிறது. கண்ணுக்கு அதே படம்தான்; கோப்பு மட்டும் முற்றிலும் வேறு. எஸ்.எச்.ஏ-256 இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாத கைரேகைகளைத் தரும்.

ஆகவே நமக்கு வேறு வகைக் கைரேகை வேண்டும். படம் சற்று மாறினால் அதுவும் சற்றே மாற வேண்டும். படம் முற்றிலும் வேறானால் அதுவும் முற்றிலும் வேறாக வேண்டும். இதைத்தான் ‘பெர்செப்சுவல் ஹேஷிங்’ என்கிறார்கள். தமிழில் காட்சிக் கைரேகை என்று அழைப்போம்.

ஒரு கைரேகையை நாமே எடுப்போம்

காட்சிக் கைரேகை எடுக்கப் பல முறைகள் உள்ளன. அவற்றில் எளிதானது ‘டிஹேஷ்’. அமெரிக்கக் கணினி ஆய்வாளர் நீல் கிராவெட்ஸ் 2013-ல் இதை விளக்கி எழுதினார். பள்ளிக் கணக்கு தெரிந்தாலே போதும், இதைப் புரிந்துகொள்ளலாம்.

முதல் படி, வண்ணத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளை ஆக்குவது. ஒவ்வொரு படப்புள்ளிக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண் இருக்கும். 0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை.

இரண்டாம் படி, படத்தை அகலத்தில் 9, உயரத்தில் 8 கட்டங்களாகச் சுருக்குவது. 1080-க்கு 1080 அளவுள்ள படத்தில் 1,166,400 படப்புள்ளிகள் இருக்கும். சுருக்கிய பிறகு 72 கட்டங்கள்தாம் மிஞ்சும். ஒவ்வொரு கட்டமும் 120-க்கு 135 என்ற பகுதியின், அதாவது 16,200 புள்ளிகளின், சராசரி வெளிச்சம் என்று எண்ணிக்கொள்ளலாம். கண், மூக்கு, சட்டைப் பொத்தான், தேயிலைக் கொழுந்து எல்லாம் கரைந்துபோகும். எங்கே வெளிச்சம், எங்கே இருட்டு என்ற பெரிய அமைப்பு மட்டும் தங்கும். புலனம் சுருக்கும்போது சிதைவது நுண்ணிய விவரங்கள். அவற்றை நாம் முன்பே தூக்கி எறிந்துவிட்டதால் அந்தச் சிதைவு நம்மைப் பெரிதாகப் பாதிக்காது.

மூன்றாம் படிதான் உயிர்நாடி. ஒவ்வொரு வரிசையிலும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களை ஒப்பிடுகிறோம். வலப்பக்கக் கட்டம் இடப்பக்கத்தைவிட வெளிச்சமாக இருந்தால் 1, இல்லையென்றால் 0. ஒரு வரிசையில் 9 கட்டங்கள் என்றால் 8 ஒப்பீடுகள். மொத்தம் 8 வரிசைகள். 8 பெருக்கல் 8, ஆக 64 பிட்டுகள். படத்தின் கைரேகை அவ்வளவுதான்.

கோலா தெர்லா படத்தின் ஒரு வரிசையை எடுத்துக்கொள்வோம். இடப்பக்கம் வானம், நடுவில் இளைஞரின் தலைமுடி, வலப்பக்கம் வெயில் படும் சரிவு. எண்கள் இப்படி இருக்கட்டும்:

```
201 198 176 150 121 97 140 163 158
```

201-ஐவிட 198 குறைவு, எனவே 0. அடுத்து 176, 150, 121, 97 என்று இறங்கிக்கொண்டே போவதால் தொடர்ந்து 0. 97-லிருந்து 140-க்கு ஏறுகிறது, எனவே 1. 140-லிருந்து 163-க்கும் ஏற்றம், மறுபடி 1. கடைசியில் 163-லிருந்து 158-க்கு இறக்கம், 0. இந்த வரிசையின் கைரேகை `00000110`.

இப்போது மோசடிக்காரர் படத்தை மெருகூட்டுவதாக நினைத்து வெளிச்சத்தைக் கூட்டுகிறார். எல்லா எண்களும் 20 ஏறுகின்றன: 221, 218, 196, 170, 141, 117, 160, 183, 178. நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். விடை அதே `00000110`. எண்கள் மாறின, ஏற்ற இறக்கம் மாறவில்லை. ஒரு பாட்டை நான்கு கட்டையில் பாடினாலும் ஐந்து கட்டையில் பாடினாலும் நம் காது அதே பாட்டு என்று சொல்வதைப் போன்றது இது. நாம் சுருதியைப் பதிவு செய்யவில்லை. மெட்டு ஏறுவதையும் இறங்குவதையும் மட்டும் பதிவு செய்திருக்கிறோம்.

பைத்தான் படிக்கும் மாணவர்கள் இதைக் கணினியிலேயே செய்து பார்க்கலாம். பில்லோ என்ற நிரல் தொகுப்பு இருந்தால் போதும்:

```python
from PIL import Image

def dhash(path):
    im = Image.open(path).convert("L").resize((9, 8))
    p = list(im.getdata())
    bits = ""
    for r in range(8):
        for c in range(8):
            left = p[r*9 + c]
            right = p[r*9 + c + 1]
            bits += "1" if left < right else "0"
    return bits

def distance(a, b):
    return sum(x != y for x, y in zip(a, b))
```

எத்தனை பிட் மாறினால் வேறு படம்?

நிரலின் கடைசிப் பகுதியில் ‘தூரம்’ என்று ஒன்று வருகிறது. இரண்டு கைரேகைகளை ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதி, எத்தனை இடங்களில் வேறுபடுகின்றன என்று எண்ணுவதுதான் அது. 1950-ல் இதைப் பயன்படுத்திய ரிச்சர்ட் ஹேமிங் என்பவரின் பெயரால் ஹேமிங் தூரம் என்பார்கள்.

நம் வரிசைக்கே திரும்புவோம். படம் இரண்டு மூன்று தடவை சுருக்கப்பட்டதில் முதல் இரு எண்கள் 201, 198 என்பதிலிருந்து 199, 200 என்று சற்று நகர்ந்துவிட்டன. இப்போது முதல் ஒப்பீடு ஏற்றமாகிவிட்டது. கைரேகை `10000110`. முந்தையதோடு ஒப்பிட்டால் ஓரிடத்தில் வேறுபாடு, ஆகத் தூரம் 1. இரு கட்டங்களின் வெளிச்சம் ஏறத்தாழ சமமாக இருக்கும் இடங்களில்தான் இப்படிப் பிட் புரளும். 150-க்கும் 121-க்கும் இடையில் அது எளிதில் நடக்காது.

சம்பந்தமே இல்லாத இரண்டு படங்களில் ஒவ்வொரு பிட்டும் நாணயத்தைச் சுண்டிவிட்டதுபோல் ஒத்துப்போகலாம், போகாமலும் இருக்கலாம். 64-ல் சராசரியாக 32 வேறுபடும். அப்படியானால் 0-க்கும் 32-க்கும் இடையில் எங்கே கோடு போடுவது? தூரம் 10-க்குள் இருந்தால் ஒரே படத்தின் மாற்று வடிவமாக இருக்கலாம் என்பது கிராவெட்ஸ் சொன்ன தோராயமான அளவு.

ஆனால் பெரிய தளத்தில் இந்த 10 ஆபத்தானது. ஏன் என்று கணக்குப் போடுவோம். இரண்டு வேறு வேறு படங்கள் தற்செயலாக 10 அல்லது அதற்குக் குறைவான தூரத்தில் அமைய, நாணயக் கணக்குப்படி, சுமார் பத்துக் கோடியில் ஒரு வாய்ப்புதான் உண்டு. கேட்க மிகச் சிறியதாகத் தோன்றும். ஒரு தளத்தில் ஒரு லட்சம் படங்கள் இருக்கின்றன என்போம். ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் எத்தனை இணைகள்? லட்சத்தை லட்சத்தால் பெருக்கி இரண்டால் வகுக்க வேண்டும். 500 கோடி இணைகள். பத்துக் கோடியில் ஒன்று என்றாலும் 500 கோடியில் 50 தவறான பொருத்தங்கள் வந்துவிடும். அந்த ஒவ்வொன்றிலும் ஒரு தவறும் செய்யாத இரண்டு மனிதர்கள் இருக்கிறார்கள்.

கோட்டை 5-க்கு இறக்கினால் நிலைமை தலைகீழாகிறது. 500 கோடி இணைகளிலும் எதிர்பார்க்கக்கூடிய தவறான பொருத்தம் ஒன்றுகூட இல்லை; 0.002 அளவுதான். ஆனால் கோட்டை இறக்க இறக்க, கொஞ்சம் அதிகமாகத் திருத்தப்பட்ட திருட்டுப் படங்கள் வலையிலிருந்து நழுவும். கண் பெரிதான வலை, கண் சிறிதான வலை என்ற பழைய கதைதான். மேலும், உண்மையான படங்கள் நாணயம் சுண்டியதுபோல் அமைவதில்லை. எல்லாரும் முகத்தை நடுவில் வைத்தே எடுக்கிறோம். அதனால் தற்செயல் ஒற்றுமை கணக்கில் வருவதைவிட நடைமுறையில் கூடுதலாகவே இருக்கும்.

படங்கள் கோடிக்கணக்கில் பெருகும்போது எல்லாவற்றோடும் ஒப்பிடுவது கணினிக்கும் சுமை. இங்கே ஓர் அழகான குறுக்குவழி உண்டு. நம் கைரேகையில் 8 வரிசைகள். இரண்டு கைரேகைகள் அதிகபட்சம் 7 பிட்டுகளில் வேறுபடுகின்றன என்றால், அந்த 7 பிழைகளை எப்படிப் பிரித்து வைத்தாலும் 8 வரிசைகளில் ஒன்றாவது பிழையே இல்லாமல் இருந்தாக வேண்டும். ஏழு புறாக்களால் எட்டுக் கூண்டுகளையும் நிரப்ப முடியாது. ஆகவே புதிய படம் வந்ததும், ஏதேனும் ஒரு வரிசை அப்படியே ஒத்துப்போகும் பழைய படங்களை மட்டும் எடுத்து முழுத் தூரத்தைப் பார்த்தால் போதும். மற்றவற்றைத் திறக்கவே வேண்டாம். கோடு 5 ஆக இருக்கும்போது இதில் எந்தப் பொருத்தமும் தவறிப்போகாது.

இடம் வலமாகத் திருப்பினால்?

மோசடிக்காரர்களுக்கும் இந்த முறை தெரியும். அவர்கள் செய்யும் மிக எளிய தந்திரம், படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாகத் திருப்புவது. முகம் அதே முகம்தான், பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. நம் வரிசை இப்படி ஆகிவிடும்:

```
158 163 140 97 121 150 176 198 201
```

கைரேகை `10011111`. பழைய `00000110`-உடன் ஒப்பிட்டால் 8-ல் 4 வேறுபாடு. மற்ற வரிசைகளிலும் இப்படியே நடந்தால் மொத்தத் தூரம் 32. அதாவது சம்பந்தமில்லாத படத்துக்கு வரும் தூரம்! கணினி ஏமாந்துவிட்டது.

மாற்று வழி கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. திருப்பினால் வரிசை பின்னிருந்து முன்னாக வரும், ஏற்றங்கள் இறக்கங்களாகும். `00000110`-ஐப் பின்னிருந்து எழுதினால் `01100000`. அதில் 0-ஐ 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும் மாற்றினால் `10011111`. மேலே கிடைத்த அதே விடை! எனவே ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு கைரேகைகளை வைத்துக்கொண்டால் போதும், ஒன்று நேரானது, மற்றொன்று திருப்பியது. படத்தை மறுபடி திறக்கவும் தேவையில்லை.

ஓரத்தை வெட்டுவது இதைவிடக் கடினமான தந்திரம். நம் கட்டம் ஒவ்வொன்றும் படத்தின் அகலத்தில் ஒன்பதில் ஒரு பங்கு, சுமார் 11 விழுக்காடு. ஓரத்தில் 2 விழுக்காட்டை நறுக்கினால் கட்டங்கள் பெரிதாக நகராது. 20 விழுக்காட்டை நறுக்கினால் இரண்டு கட்டங்கள் அளவுக்கு எல்லாம் இடம்மாறிவிடும், கைரேகை பயன்படாது. இதற்காக முழுப்படத்துக்கு ஒன்று, முகத்தைச் சுற்றியுள்ள பகுதிக்கு ஒன்று எனப் பல கைரேகைகளை எடுத்து வைப்பது உண்டு. அப்போதும் எல்லா வெட்டுகளையும் பிடித்துவிட முடியாது.

மூடுபனியும் வெள்ளைச் சுவரும்

தந்திரம் எதுவும் இல்லாமலேயே இந்த முறை தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கேமரன் மலையில் மூடுபனி இறங்கிய நேரத்தில் எடுத்த படத்தை நினைத்துப் பாருங்கள். பின்னணி முழுவதும் ஒரே சாம்பல். கட்டங்களின் எண்கள் 182, 183, 182, 181 என்று இருக்கும். இங்கே ஏற்றமா இறக்கமா என்பதை முடிவு செய்வது ஒரே ஓர் அளவு வேறுபாடு. படத்தை ஒருமுறை சுருக்கினாலே அது புரண்டுவிடும். ஒரே படத்தின் இரண்டு பிரதிகளுக்கு இடையே தூரம் பெரிதாகி, திருட்டு தப்பித்துவிடும்.

தூய வெள்ளைப் பின்னணியில் எடுத்த அலுவலகப் படங்களில் நேர்மாறான தவறு நடக்கும். அங்கே பின்னணிக் கட்டங்கள் எல்லாம் சரியாக 255. சமமாக இருந்தால் 0 என்பது நம் விதி. ஆகவே யார் படமாக இருந்தாலும் பின்னணி முழுவதும் 0 வரும். 64 பிட்டுகளில் 40 இப்படிப் போய்விட்டால், படத்தைப் பற்றி ஏதாவது சொல்வது மீதி 24 பிட்டுகள் மட்டுமே. அந்த 24-ல் தற்செயலாக 10 அல்லது அதற்குக் குறைவாக வேறுபடும் வாய்ப்பு 27 விழுக்காடு. முன்பு பத்துக் கோடியில் ஒன்றாக இருந்தது இப்போது நான்கில் ஒன்றுக்கும் மேல்! கடப்பிதழ் படம்போல் நேராக உட்கார்ந்து எடுத்துக்கொண்ட இரண்டு அப்பாவிகள் ‘ஒரே படம்’ என்று மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

இதைக் கண்டுகொள்ள வழி இருக்கிறது. பக்கத்துக் கட்டங்களுக்கு இடையே தெளிவான வேறுபாடு எத்தனை இடங்களில் உள்ளது என்று எண்ண வேண்டும். மிகக் குறைவு என்றால் அந்தக் கைரேகையை நம்பக் கூடாது. ஃபேஸ்புக் நிறுவனம் 2019-ல் யாவரும் பயன்படுத்தலாம் என்று வெளியிட்ட பி.டி.கியூ. என்ற முறை இதைத் தானே செய்கிறது. அது 64-க்குப் பதில் 256 பிட்டுகளைத் தருவதோடு, படத்தின் தரத்துக்கு ஒரு மதிப்பெண்ணையும் சேர்த்துத் தரும். மதிப்பெண் குறைவாக இருந்தால் கைரேகையை ஒதுக்கிவிடலாம்.

பொருத்தம் கிடைத்தது. பிறகு?

இனி ஒரு தளத்தில் ஒரு நாள் நடக்கக்கூடியதைப் பார்ப்போம். கணினி மூன்று இணைகளைச் சுட்டிக்காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதல் இணை, நம் பினாங்கு பொறியாளரும் கனடா மருத்துவரும். நேரான கைரேகைகளுக்கு இடையே தூரம் 29. திருப்பிய கைரேகையோடு பார்த்தால் 3. சோதிப்பவர் இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கிறார். அதே சரிவு, அதே சட்டை. ஒன்றில் சட்டைப்பை வலப்பக்கம், மற்றதில் இடப்பக்கம். பெயர் வேறு, வயது வேறு, நாடு வேறு. ஒரே மனிதர் இருவராக இருக்க முடியாது. இரண்டில் ஒன்றாவது பொய்.

இரண்டாவது இணையின் தூரம் 4. பெயர் ஒன்றே, ஊர் ஒன்றே, பிறந்த ஆண்டும் ஒன்றே. கடவுச்சொல்லை மறந்தவர் புதுக் கணக்குத் திறந்திருக்கிறார். இதில் மோசடி எதுவும் இல்லை.

மூன்றாவது இணையின் தூரம் 5. வெள்ளைப் பின்னணி, கறுப்புக் கோட்டு. கண்ணால் பார்த்தால் இரு வேறு ஆட்கள். கணினியின் தவறு.

மூன்று பொருத்தங்களில் ஒன்றுதான் சந்தேகத்துக்குரியது. தானாகவே கணக்கை மூடும்படி அமைத்திருந்தால் குற்றமற்ற மூவரின் கணக்குகளும் சேர்ந்து மூடப்பட்டிருக்கும். அதனால்தான் கைரேகையை வைத்துத் தீர்ப்புச் சொல்வதில்லை. யாரைச் சோதிக்க வேண்டும் என்ற வரிசையை மட்டும் தயாரிக்கிறார்கள்.

முதல் இணையிலும் ஒரு முடிச்சு பாக்கி இருக்கிறது. இரண்டில் எது பொய்? முதலில் பதிந்தவரே உரியவர் என்று சொல்ல முடியாது. திருடன் முந்திக்கொண்டு பதிந்திருக்கலாம். படத்துக்கு உரியவர் பிறகு வந்திருக்கலாம். பழைய கணக்கை நம்பிப் புதியதை மூடினால், படத்தையும் பறிகொடுத்து, தளத்திலிருந்தும் துரத்தப்படுவார் அந்த இளைஞர். இதைத் தீர்க்க இருவரிடமும், அந்த நேரத்தில் சொல்லப்படும் ஓர் அசைவைச் செய்து காணொளி எடுத்து அனுப்பும்படி கேட்கலாம். தலையை இடப்பக்கம் திருப்பச் சொன்னால் உரியவர் திருப்புவார். களவாடிய படம் திரும்பாது.

படம் நாட்டையும் சொன்ன கதை

ஒரே படம் பல கணக்குகளில் வருவது இன்னொன்றையும் வெளிப்படுத்தும். 2018-ல் மேத்யூ எட்வர்ட்ஸ், மோனிகா விட்டி உள்ளிட்ட ஆய்வாளர்கள், மோசடி எனக் கண்டறியப்பட்ட துணைதேடும் கணக்குகளை எடுத்து அவை எந்த நாட்டிலிருந்து திறக்கப்பட்டன என்று ஆராய்ந்தார்கள். இணையத்தில் நுழையும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி எண் உண்டு. அதை வைத்து நாட்டைக் கணிக்கலாம். அவர்கள் கண்ட நாடுகளில் மலேசியாவும் ஒன்று.

ஆனால் பல கணக்குகள் இடைவழிக் கணினி ஒன்றின் பின்னால் ஒளிந்து திறக்கப்பட்டிருந்தன. அமெரிக்காவிலிருந்து வருவதுபோல் தோன்றும். உண்மையில் வேறெங்கோ இருக்கும். ஆய்வாளர்கள் அவற்றின் படங்களையும் எழுத்துகளையும், ஒளிந்துகொள்ளாமல் நேரடியாகத் திறக்கப்பட்ட மோசடிக் கணக்குகளோடு ஒப்பிட்டார்கள். ஒளிந்திருந்த கணக்குகளில் 11 விழுக்காடு வரை, பகிர்ந்துகொண்ட படத்தையோ எழுத்தையோ வைத்து வேறொரு நாட்டோடு சேர்க்க முடிந்தது. முகவரியை மறைத்தவர்கள் படத்தை மாற்ற மறந்துவிட்டார்கள்.

கைரேகைக்குத் தெரியாதவை

காட்சிக் கைரேகை முகத்தை அடையாளம் காண்பதில்லை. அதே இளைஞர் மறுநாள் எடுத்த வேறு படத்தைப் போட்டால் அதற்கு அது முற்றிலும் புதிய படம். ஒரு தளத்தில் முதல் தடவையாக வரும் திருட்டுப் படத்தையும் அது பிடிக்காது, ஏனெனில் ஒப்பிட அங்கே பழைய பிரதி இல்லை. கணினியே உருவாக்கிய, உலகில் இல்லாத முகத்தை ஒரே ஒருமுறை பயன்படுத்தினாலும் அப்படித்தான். ‘பொருத்தம் இல்லை’ என்ற விடைக்கு ‘இவர் உண்மையானவர்’ என்று பொருள் கிடையாது.

உங்கள் வீட்டில் யாரேனும் இணையத்தில் அறிமுகமான ஒருவரைப் பற்றிப் பேசினால், அந்தப் படத்தைக் கூகுள் லென்ஸ், டின்ஐ போன்ற படத்தேடல் தளங்களில் போட்டுப் பார்க்கலாம். எதுவும் கிடைக்கவில்லை என்றால் படத்தை இடம் வலமாகத் திருப்பி மறுபடி தேடுங்கள். ஏன் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். ஓரத்தை வெட்டி, முகமும் சற்றுப் பின்னணியும் மட்டும் இருக்கும்படி வைத்தும் ஒருமுறை தேடுங்கள்.

அவர் பணம் கேட்டு வங்கிக் கணக்கு எண் கொடுத்திருந்தால், காவல்துறையின் ‘செமாக் மியூல்’ தளத்தில் அந்த எண்ணின்மீது புகார் உள்ளதா என்று பார்க்கலாம். பணம் ஏற்கெனவே போய்விட்டது என்றால் தேடிக்கொண்டிருக்க நேரம் இல்லை. உடனே தேசிய மோசடி பதிலளிப்பு மையத்தின் 997 எண்ணை அழைக்கச் சொல்லுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் வங்கி அதை நிறுத்த முடிந்தால்தான் திரும்பக் கிடைக்க வாய்ப்பு உண்டு.